98 சோதனைகள், 189 சோதனைகள்

ஒரு காரைத் தொழிற்சாலையை விட்டு வெளியே அனுப்பும் முன் 98 விதமாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். இன்னொரு காரை 189 இடங்களில் சோதிக்கிறார்கள். இந்த இரண்டில் எது விலை கூடிய கார்? நண்பர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்காமல் 189 என்றார்கள். கிடையாது. 98 என்பது ரோல்ஸ் ராய்ஸ். 189 என்பது நாம் பீட்டில் என்று அறிந்திருக்கும் ஃபோக்ஸ்வாகன். 1960 வாக்கில் அமெரிக்காவில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வாங்கும் காசில் எட்டு ஃபோக்ஸ்வாகன் வாங்கிவிடலாம், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

இரண்டு எண்களும் அந்தந்தக் காரின் விளம்பரத்திலேயே இருக்கின்றன. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம் ஒன்று. 1960இல் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்துக்காக ஜூலியன் கோனிக் எழுதிய ஃபோக்ஸ்வாகன் விளம்பரம் மற்றொன்று. இரண்டு நிறுவனங்களும் நியூயார்க்கில்தான் இருந்தன. விளம்பரத் தொழில் படிக்கிறவர்கள் இவற்றைத் தனித்தனியே, இரண்டு பள்ளிகளின் கொடிகள் மாதிரி, பார்ப்பார்கள். நான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க நேர்ந்தது ஒரு புடவையால். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

'விளம்பரத்துக்கெல்லாமா விமர்சனம்' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு கவிதையை விடவும் அதிகம் பேர் வாசித்து, அதை நம்பிக் காசும் எடுத்து வைத்த எழுத்து இது. கொஞ்சம் உற்றுப் பார்ப்பதில் தப்பில்லை.

ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்தின் தலைப்பு பிரபலமானது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கும் பெரிய சத்தம் மின் கடிகாரத்தினுடையது என்கிற பொருளில் வரும். ஓகில்வி அதைக் கற்பனை செய்யவில்லை. ஒரு பிரிட்டிஷ் கார்ப் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார். கிட்டத்தட்ட இதே சங்கதியை 1933இல் பியர்ஸ் ஆரோ என்ற அமெரிக்கக் காருக்கும் சொல்லிவிட்டார்கள் என்பது தனிக் கதை. என் கவனம் தலைப்பின் மேல் இல்லை. அதற்குக் கீழே எண் போட்டு வரிசையாக அடுக்கியிருக்கும் தகவல்கள்தான் விஷயம்.

அங்கே ஒரு உரிச்சொல் கூட அநாவசியமாக இல்லை. 'உன்னதம்', 'அரசத்தனம்' எதுவும் கிடையாது. என்ஜினைக் காரில் பொருத்தும் முன் ஏழு மணி நேரம் முழு விசையில் ஓடவிடுகிறார்கள். முடிந்த கார் ஒரு வாரம் இறுதிச் சோதனைக் கூடத்தில் இருக்கிறது. அங்கேதான் அந்த 98. உதாரணத்துக்கு, அச்சிலிருந்து முனகல் வருகிறதா என்று பொறியாளர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார்கள். ஐந்து முறை அடிப்பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் கையால் தேய்ப்பு, அதற்கு மேல் ஒன்பது முறை வண்ணம்.

ஃபோக்ஸ்வாகன் விளம்பரத்தின் தலைப்பு ஒரே ஒரு சொல்: எலுமிச்சை. அமெரிக்கப் பேச்சில் அதற்கு, வாங்கிய நாளிலிருந்து பாடாய்ப்படுத்தும் வண்டி என்று பொருள். நம்மூரில் 'டப்பா வண்டி' என்போமே, அது. தன் காரின் படத்தைப் போட்டு அதற்குக் கீழேயே 'டப்பா' என்று எழுதியிருக்கிறார்கள். கீழே வாசித்தால் காரணம் தெரிகிறது. முன்பக்கச் சின்னப் பெட்டியின் குரோமியப் பட்டையில் ஒரு கறை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஆய்வாளர் குர்ட் க்ரோனர் கவனித்துவிட்டார், மாற்றியாக வேண்டும். வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் 3,389 பேருக்குக் காரைச் சோதிப்பது மட்டுமே வேலை. நாளொன்றுக்கு 3,000 கார்தான் வெளிவருகிறது, ஆகவே கார்களை விட ஆய்வாளர்கள் அதிகம். ஒவ்வொரு காரும் 189 இடங்களில் சோதிக்கப்படுகிறது. ஐம்பதில் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இரண்டு விளம்பரமும் சொல்வது ஒரே தகவலைத்தான்: 'அனுப்பும் முன் நன்றாகப் பார்த்தோம்.' இந்த ஒரு தகவல் இரண்டு வாங்குபவர்களுக்கு எப்படி இரண்டு குரலில் வந்திருக்கிறது என்பதே நான் இங்கே பார்க்க விரும்புவது.

முதலில் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ரோல்ஸ் ராய்ஸ் நேரத்தை எண்ணுகிறது. ஏழு மணி நேரம், ஒரு வாரம். ஃபோக்ஸ்வாகன் ஆட்களை எண்ணுகிறது. 3,389 பேர். விலை கூடிய பொருளை வாங்குபவர் அடிப்படையில் பிறருடைய நேரத்தை வாங்குகிறார். தனக்காக ஒருவர் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் சுகம். மலிவான பொருளை வாங்குபவருக்கு அந்தச் சுகம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அவருடைய பயம் வேறு. ஆயிரம் ஆயிரமாகச் செய்து தள்ளும் இடத்தில் என் வண்டியை மட்டும் பார்க்காமல் விட்டிருப்பார்களோ என்பதே அது. அதற்குத்தான் கார்களை விட ஆய்வாளர்கள் அதிகம் என்ற கணக்கு. அதற்குத்தான் அடைப்புக்குறிக்குள், மாதிரிக்கு ஒன்றிரண்டைப் பார்த்தால் போதாது என்கிற குறிப்பு.

இப்போது குரல்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன், 'உங்கள் காரை ஒரு வாரம் வைத்திருந்து ஸ்டெதஸ்கோப்பால் கேட்கிறோம்' என்று சொன்னால் என்ன ஆகும்? வாங்குபவர் மனசுக்குள் உடனே, 'அந்த ஸ்டெதஸ்கோப்புக்கும் நான்தானே காசு கொடுக்கணும்' என்று தோன்றும். ரோல்ஸ் ராய்ஸ், 'எங்களிடம் மூவாயிரத்துச் சொச்சம் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்' என்றால் அது ஒரு பெரிய ஆலையின் சங்கு மாதிரி ஒலிக்கும். 'ஐம்பதில் ஒன்றை ஒதுக்குகிறோம்' என்று ரோல்ஸ் ராய்ஸ் சொல்லவே முடியாது. ஃபோக்ஸ்வாகன் வாங்குபவருக்கு அது ஆறுதல். ரோல்ஸ் ராய்ஸ் வாங்குபவருக்கோ அதிர்ச்சி: அந்த இடத்தில் மோசமான வண்டி கூட உண்டாகுமா? விலை கூடிய பொருள் தன் கழிவைப் பற்றிப் பேசாது. மலிவான பொருள் தன் கழிவைக் காட்டித்தான் மீதியை நம்ப வைக்கிறது.

அடுத்து, வாக்கியத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்தில் பெயருள்ள தொழிலாளி யாருமில்லை. பெரும்பாலான வாக்கியங்கள் செயப்பாட்டு வினையில் போகின்றன. கார் சோதிக்கப்படுகிறது, பூச்சு தேய்க்கப்படுகிறது. நல்ல வீட்டில் விருந்தாளி எழுந்து வருவதற்குள் காப்பி தயாராக இருக்குமே, யார் போட்டார்கள் என்று தெரியாது, அந்த மாதிரி. ஃபோக்ஸ்வாகனில் குர்ட் க்ரோனர் என்ற ஆள் முகம் காட்டுகிறார். 'நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்' என்று நேரே நம் தோளில் தட்டுகிறார்கள். இதே வார்த்தையை ரோல்ஸ் ராய்ஸ் வாங்க வந்தவரிடம் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். தனக்குக் கண் கூர்மை போதாது என்று சொல்லக் கேட்பதற்கு அவர் பதினாலாயிரம் டாலர் கொண்டு வரவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். விலை கூடிய பொருள் என்றாலே இப்படித் தகவலை அடுக்க வேண்டும் என்று விதி இல்லை. ஓகில்வி எழுதியது பரம்பரைப் பிரபுவுக்கு அல்ல. சொந்தமாகச் சம்பாதித்து, தானே காரோட்டும் அமெரிக்கருக்கு. விளம்பரம் அதை ஒளிக்கவில்லை. உரிமையாளரே ஓட்டுவதற்கு ஏற்ற கார், மிகப் பெரிய அமெரிக்கக் கார்களை விட 18 அங்குலம் குட்டை, நிறுத்துவது சுலபம், தனியாக டிரைவர் வேண்டாம் என்கிறது. அப்படிப்பட்டவருக்கு வாங்கும் ஆசை ஏற்கெனவே இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம்தான் இல்லை. ஸ்டெதஸ்கோப் அந்தக் காரணம்.

அந்தப் பதினெட்டு அங்குலத்தை ரசித்து வாசித்தேன். கார் சிறியது என்பதும் இரு தரப்புக்கும் பொதுவான தகவல். ஃபோக்ஸ்வாகனுக்கு அதற்கு முந்தைய வருடம் கோனிக் எழுதிய விளம்பரம் முழுக்கவே சின்னதாக யோசிக்கச் சொல்வதுதான். பெரிய வெள்ளைப் பக்கத்தில் மூலையில் ஒரு குட்டிக் கார். அங்கே சிறுமை என்பது பெட்ரோலிலும் இன்சூரன்ஸிலும் மிச்சமாகும் காசு. ரோல்ஸ் ராய்ஸில் அதே சிறுமை அடுத்தவன் காரோடு ஒப்பிட்ட ஒரு அளவு மட்டும். காசு பற்றிப் பேச்சே இல்லை.

ஓகில்வியின் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வரும் பென்ட்லி. முன்னாலிருக்கும் ரேடியேட்டரைத் தவிர பென்ட்லியும் ரோல்ஸ் ராய்ஸும் ஒரே கார், ஒரே தொழிற்சாலை, ஒரே பொறியாளர்கள். ரேடியேட்டர் செய்வது எளிது என்பதால் பென்ட்லி 300 டாலர் குறைவு. இந்தத் தகவலை நம் கடைத்தெருவில் எப்படிச் சொல்வோம்? 'சார், அதே சரக்குதான், பேர் மட்டும் வேற, முந்நூறு கம்மி.' ஓகில்வி என்ன செய்கிறார் என்றால், ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டக் கூச்சப்படுபவர்கள் பென்ட்லி வாங்கலாம் என்கிறார். முந்நூறு டாலரைச் சொல்லிவிட்டார், ஒளிக்கவில்லை. ஆனால் பென்ட்லி வாங்குபவர் காசு பார்த்தவராக இல்லாமல் அடக்கமானவராக ஆகிவிடுகிறார். ஒரு தகவலும் மாறவில்லை. வாங்குபவருக்கு எந்தப் பெயர் கிடைக்கிறது என்பது மாறிவிட்டது.

இதற்கு நேர் எதிர் நம் நாட்டிலேயே நடந்தது. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் டாடா நானோவை அறிமுகம் செய்தார்கள். ஒரு லட்சம் ரூபாய்க் கார். பொறியியலாக அது சாமானியமான வேலை இல்லை. நாலு பேர் ஒரே ஸ்கூட்டரில் மழையில் போகும் குடும்பத்தைப் பார்த்து உதித்த யோசனை என்று ரத்தன் டாடா சொன்னதும் உண்மையான அக்கறைதான். ஆனால் எல்லார் வாயிலும் விழுந்த வார்த்தை 'உலகத்திலேயே மலிவான கார்'. வாசலில் அந்தக் காரை நிறுத்தியவர் தெருவுக்கு என்ன அறிவித்துக்கொண்டிருந்தார்? பாதுகாப்பையோ குடும்பத்தையோ அல்ல, தன்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பதை. மலிவான கார் என்ற முத்திரை விழுந்தது தவறாகிவிட்டது என்று பிறகு ரத்தன் டாடாவே பேசியிருக்கிறார். 2018இல் உற்பத்தி நின்றுபோனது. நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு, தீப்பிடித்த சில வண்டிகள், தொழிற்சாலை சிங்கூரிலிருந்து சானந்துக்கு இடம்பெயர்ந்தது எல்லாம் சேர்த்துத்தான். தொனி மட்டுமே ஒரு காரைக் கொல்லும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஸ்கூட்டர் குடும்பத்துக்கு ஓகில்வி பென்ட்லிக்காரருக்குக் கொடுத்தது மாதிரி ஒரு பெயரை யாரும் கொடுக்கவில்லை.

இனி என் புடவைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு இணையத் துணிக்கடையில் பொருள் விவரம் எழுதும் வேலையில் இருந்தேன். கடைக்கு இரண்டு பெயர். ஒன்று விலை கூடியது, அட்டைப் பெட்டியும் மெல்லிய தாளும் சுற்றி வரும். இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் வரும். இரண்டுக்கும் கைத்தறிப் புடவை ஒரே இடத்திலிருந்து, ஒரே சாயப்பட்டறையில் நனைந்த நூலில் வந்தது. விலை கூடியதில் 100ஆம் நம்பர் நூல், கரை கொஞ்சம் வேலைப்பாடு, 4,800 ரூபாய். மற்றது 60ஆம் நம்பர், 950 ரூபாய். நிறம் அதே அரக்கு.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தகவல் இருந்தது. அடர்ந்த நிறங்களில் நூலோடு ஒட்டாமல் மிஞ்சிய சாயம் முதல் சில அலசல்களில் வெளியேறும். பட்டறையில் நன்றாகக் கழுவினால் குறையும், முழுக்கப் போகாது. விலை கூடிய புடவைக்கு நான் எழுதியது: 'காலப்போக்கில் தன் நிறத்தைத் தானே கண்டடையும் அரக்கு.' மலிவுப் புடவைக்கு எழுதியது: 'சாயம் போகும். தனியாகத் துவைக்கவும். பணம் திருப்பித் தரப்படமாட்டாது.' அன்றைக்கு இரண்டுமே அந்தந்த இடத்துக்குப் பொருத்தம் என்றுதான் நினைத்தேன். முதலாவதுக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு அம்மா போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "தன் நிறத்தைக் கண்டடையும்னு எழுதியிருந்தீங்க தம்பி. அது என் பொண்ணோட வெள்ளை ஜாக்கெட்ல கண்டடைஞ்சிருச்சு." எனக்கு அந்த நிமிஷம் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதே மாதம் ஊருக்குப் போனபோது சித்தி அந்த 950 ரூபாய்ப் புடவையின் பக்கத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதியது என்று தெரியாது. "சாயம் போகும், பணம் வராது... ஏண்டா, எங்களுக்கு எழுதும்போது மட்டும் போலீஸ் ஸ்டேஷன் போர்டு மாதிரியே எழுதுறாங்களே, ஏன்?" என்றார். வாங்கவில்லை. பதில் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

திரும்பி வந்து எதைத் தப்பாகச் செய்தேன் என்று யோசிக்கையில்தான் கல்லூரியில் மனப்பாடம் செய்த நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி 'தகுதி வழக்கு' என்று மூன்றைச் சொல்வார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அங்கே தகுதி என்றால் சூழலுக்குப் பொருந்தச் சொல்வது. மங்கலத்துக்கு நம் வீடுகளில் எளிய உதாரணம் உண்டு. விளக்கை 'அணை' என்று பாட்டி சொல்ல மாட்டார், 'குளிர வை' என்பார். தொனி மாறிவிட்டது. ஆனால் அதைக் கேட்ட பேரன் போய் என்ன செய்கிறான்? விளக்கை அணைக்கிறான். 'குளிர வை' என்றதைக் கேட்டு அவன் ஃபேனைப் போட்டால் அது மங்கலம் இல்லை, குழப்பம்.

என் 'கண்டடையும் அரக்கு' அந்த ஃபேன். அந்த அம்மா அதைக் கேட்டு வெள்ளை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊற வைத்தார். தகவலைக் கேட்டவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஆகவே நான் தொனியை மாற்றவில்லை, தகவலை எடுத்துவிட்டேன். மலிவுப் புடவையில் தகவல் இருந்தது. ஆனால் அளவு இல்லை. 'சாயம் போகும்' என்றால் எத்தனை தடவை? வாழ்நாள் முழுக்கவா? அதற்கு மேல் பணம் வராது என்ற மிரட்டல். சித்தி செய்யக்கூடியது ஒன்றுதான், பக்கத்தை மூடுவது.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எழுதி முடித்ததும் அதைத் துணிக்கடை அனுபவம் இல்லாத யாரிடமாவது கொடுத்து, 'நல்லாருக்கா' என்று கேட்காமல், 'இதை வாங்கிட்ட, நாளைக்குத் துவைக்கணும், என்ன செய்வ?' என்று கேட்பது. முதல் வடிவத்தை என் தங்கையிடம் கொடுத்தபோது, "என்ன செய்வேன், மிஷின்ல போடுவேன்" என்றாள். இரண்டு பக்கங்களையும் படித்தவர்கள் வாளியை ஒரே மாதிரி கையாண்டால் தொனி சரி. வேறு வேறாகக் கையாண்டால் எங்கேயோ ஒரு பக்கத்தில் தகவல் ஒழுகிப் போயிருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் அந்த இரண்டு கார் விளம்பரங்களை எதிரெதிரே வைத்து வாசித்தேன். ரோல்ஸ் ராய்ஸ் காரணத்தையும் முறையையும் சொல்கிறது, ஃபோக்ஸ்வாகன் சரிபார்க்க ஒரு அடையாளமும் தவறினால் என்ன நடக்கும் என்பதும் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப எழுதினேன். விலை கூடியது இப்படி வந்தது:

'இவ்வளவு ஆழமான அரக்குக்கு நூல் நிறையச் சாயம் குடிக்க வேண்டும். குடித்தது போக மிஞ்சியது முதல் மூன்று அலசல்களில் வெளியேறும். அந்த மூன்று முறை மட்டும் தனியாக, குளிர்ந்த நீரில், கையால் அலசுங்கள். வெள்ளை ரவிக்கை நான்காவது முறை வரை காத்திருக்கட்டும்.'

950 ரூபாய்ப் புடவைக்கு:

'முதல் மூணு தடவை மட்டும் தனியா பச்சைத் தண்ணியில அலசுங்க, மிச்சச் சாயம் போயிடும். எங்க வீட்டுப் புடவையும் அப்படித்தான். மூணாவது தடவை தண்ணி தெளிஞ்சு வரும், அப்புறம் மத்த துணியோட போடலாம். நாலாவது தடவையும் தண்ணி சிவந்தா சொல்லுங்க, மாத்தித் தர்றோம்.'

தங்கை இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னாள். மூணு தடவை தனி வாளி.

இங்கே நிறுத்தினால் கதை சுபம். ஆனால் அந்த 'எலுமிச்சை' விளம்பரத்தை அதற்குப் பின் எத்தனையோ முறை வாசித்ததில் ஒரு சந்தேகம் வளர்ந்துவிட்டது. மலிவுப் பொருளுக்கு ஏற்ற குரல் தன் குறையைத் தானே ஒத்துக்கொள்ளும் குரல் என்று அதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. என்ன குறையை ஒத்துக்கொண்டார்கள்? குரோமியப் பட்டையில் ஒரு கறை. அதுவும் நம்மிடம் வந்து சேராத காரில். என்ஜின் வலு குறைவு என்றோ குளிர்காலத்தில் ஹீட்டர் சுமார் என்றோ அந்தப் பக்கத்தில் இல்லை. அந்தக் காரின் திட்டமும் வோல்ஃப்ஸ்பர்க் ஊரும் ஹிட்லர் ஆட்சியில் பிறந்தவை என்பதைப் பற்றிப் போர் முடிந்து பதினைந்தே வருடமான அந்த நாட்டு வாசகரிடம் ஒரு மூச்சு இல்லை. விளம்பரம் அதைச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேர்மையான தொனி என்பதும் பொறுக்கி எடுத்த தொனிதான். வாங்குபவருக்கு வலிக்காத குறையாகப் பார்த்து ஒன்றை எடுத்து முன்னால் வைக்கிறது. ஓகில்வியின் செயப்பாட்டு வினைகளை விட இதுதான் இப்போது என்னை அதிகம் உஷாராக்குகிறது. பகட்டாகப் பேசுகிறவரிடம் நாம் ஏற்கெனவே பர்ஸைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். 'நம்ம ஆளு' மாதிரி பேசுகிறவரிடம் கை தளர்ந்துவிடுகிறது.

என் புடவையிலும் அதுதான் நடந்தது. முதலாளி இரண்டு வடிவங்களையும் வாசித்தார். 4,800 ரூபாயுடையதை ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். மற்றதில் கடைசி வாக்கியத்தை அடித்தார். "950 ரூபாய்ல எனக்கு நிக்கிறதே எண்பது தொண்ணூறு. திருப்பி எடுக்கிற கூரியருக்கே பத்தாது. மாத்தித் தர்றோம்னு எப்படிப் போட?" அவர் சொன்ன கணக்கு பொய் இல்லை. மோசமான மனிதரும் இல்லை.

"அப்ப 'எங்க வீட்டுப் புடவையும் அப்படித்தான்'ங்கிறதையும் எடுத்துடணும் சார்" என்றேன்.

"அது ஏன்? நல்லாத்தானே இருக்கு. சொந்தக்காரங்க பேசுற மாதிரி இருக்கு."

"சொந்தக்காரங்கன்னா மாத்தித் தருவாங்களே."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுக்கச் சொன்னார். 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' மட்டும் திரும்ப வரக் கூடாது என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார். கொள்கைப் பக்கத்தில் அது எப்படியும் இருக்கிறதே என்றார்.

அந்தப் பக்கத்தில் கடைசியில் இருந்தது இவ்வளவுதான்: 'முதல் மூன்று தடவை மட்டும் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசவும். மூன்றாவது தடவை தண்ணீர் தெளிந்து வரும். அதன்பின் மற்ற துணியோடு போடலாம்.' சித்திக்கு இணைப்பை அனுப்பினேன். "இது பரவால்ல" என்று பதில் வந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று: "தெளியலேன்னா என்ன பண்றதுன்னு போடலியே?"